நெடுங்கதையில் வயதும் ஆண்டும் பெயரும்

கொனன் டொயில் 1887இல் வெளியிட்ட கதையில் டாக்டர் வாட்சனுக்குக் குண்டு பாய்ந்தது தோளில். 1890இல் வெளியிட்ட கதையிலோ காயம் காலில் இருக்கின்றது. அப்பிழையால் அக்கதைகள் கெடவில்லை. ஆனால், நம் ஊவாத் தோட்டத்துக் குடும்பமொன்றின் கதையை எழுதுவோர்க்கு இத்தகைய தவறு கதையின் அடித்தளத்தையே பெயர்த்துவிடும். எடுத்துக்காட்டொன்றாற் காண்போம்.

முதல் அத்தியாயத்தில், முத்தையா 1919இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாய் இந்தியாவிலிருந்து வந்து, பதுளைப் புகையிரத நிலையத்தில் இறங்குகின்றான் எனக் கொள்வோம். ஏழாம் அத்தியாயத்தில், 1949இல், அவனுக்கு வயது முப்பத்தாறு. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் மகனுக்குக் குடியுரிமை இல்லாது போகின்றது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் முத்தையா, “நான் இந்த லயத்திலேதான் பிறந்தேன்” என்கின்றான்.

தனித்தனியே படிக்குங்கால் இவற்றுள் எதுவும் உறுத்தாது. ஆகவே, கையெழுத்துப்படியைப் படிக்கும்போதே ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வயது வரும் இடந்தோறும் அதனைப் பிறந்த ஆண்டாக மாற்றி, அத்தியாய எண்ணுடன் குறித்தல் வேண்டும். வயது மாறிக்கொண்டேயிருக்கும், பிறந்த ஆண்டு மாறாது. முதல் அத்தியாயம் 1907 எனக் காட்டும். ஏழாம் அத்தியாயம் 1913 எனக் காட்டும். பிழை உடனே புலப்படும். “பத்தாண்டு கழிந்தது” என்பன போன்ற தொடர்களையும் இவ்வாறே ஆண்டாக்குக.

அடுத்து, ஊர் வரலாற்றுடன் ஒப்பிடுதல் வேண்டும். புகையிரதம் பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. பதுளைக்கோ 1924இலேதான் வந்தது. எனவே 1919இல் வந்த சிறுவன் பதுளைக்கு முந்திய நிலையமொன்றில் இறங்கி நடத்தலே பொருந்தும்.

பிறந்த இடம் பற்றிய முரண் இவற்றினும் பெரிது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இங்கே பிறந்தவர் வழிமரபால் உரிமை பெறத் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். முத்தையா லயத்திற் பிறந்தவனாயின் மகன் குடிமகனாவான். ஒன்பதாம் அத்தியாயத்தின் துயரத்துக்கு இடமேயில்லை. இரண்டில் எதனை மாற்றுவது? எதன்மீது கூடுதலான நிகழ்ச்சிகள் தங்கியுள்ளனவோ அதனை நிறுத்தி, மற்றதனைத் திருத்துக. இங்கே திருந்தவேண்டியது பன்னிரண்டாம் அத்தியாயமே.

பெயர்களைத் தனியாக ஒருமுறை, கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தல் நன்று. கதையோட்டம் நம்மை இழுத்துச் செல்லாது. எனினும் பெயர் வேறுபாடெல்லாம் பிழையன்று. வீட்டில் ஒரு பெயரும் செக்றோலில் வேறொரு பெயருமாக வாழ்ந்தோர் தோட்டங்களிற் பலர். அவ்வேறுபாடு கருதிச் செய்ததாயின், அதனை அறிந்த ஒருவர் கதைக்குள்ளேயே சொல்லவேண்டும். எவரும் சொல்லாவிடின், வாசகர் அதனை எழுதியவரின் மறதியென்றே கொள்வர்.