வளையம் போடுவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

ஹவுஸ் சர்ஜனாக சர்ஜரி வார்டுக்கு மாறியிருப்பதாக எழுதியிருந்தாய். ‘ஓ.பி.யில் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மூலம்தான் மாமா, பார்த்ததுமே சொல்லிவிடலாம்’ என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு லாரி ஓட்டுநரின் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு நாள் இரவு டூட்டியில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. கட்டியிருந்த கைலி முழுக்க நனைந்திருந்தது. சிவப்பாகச் சொட்டும் ரத்தம் இல்லை. கருஞ்சிவப்பு, நடுவில் ஈரல் துண்டுபோலக் கட்டிகள். நாடி 130, ரத்த அழுத்தம் 80. “மூலம்தான் சார், ஆறு நாளைக்கு முன்னாடி வளையம் போட்டாங்க” என்றார். முகத்தைப் பார்த்தேன், கண்ணில் லேசான மஞ்சள். உள்ளங்கை சிவந்திருந்தது. மார்பில் சிலந்திக் கால்போல நுண்ணிய ரத்தக்குழாய்கள். இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் மூன்று விரல் அளவுக்குத் தட்டுப்பட்டது. ரத்தத் தட்டணுக்கள் 54,000. பல வருடக் குடி, அவரது கல்லீரல் சுருங்கிப்போயிருந்தது.

குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்துதான் இதயத்துக்குப் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. ரத்தம் தேங்கி, அழுத்தம் ஏறி, சுற்றுவழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடியில் அப்படிப் புடைக்கும் சிரைகளை நீ பாடத்தில் படித்திருப்பாய். இன்னொரு சுற்றுவழி மலக்குடலில் இருக்கிறது. அதன் மேல்பகுதிச் சிரை போர்ட்டல் பக்கம் போகிறது. நடுச்சிரையும் கீழ்ச்சிரையும் உடம்பின் பொதுச் சிரைகளில் சேர்கின்றன. போர்ட்டல் சிரைகளில் வால்வு கிடையாது. ஆகவே மேலே போக வேண்டிய ரத்தம் திரும்பிக் கீழே ஓடிவந்து அந்த இணைப்புகளைப் புடைக்க வைக்கிறது.

மூலம் அதுவல்ல. ஆசனவாயில் எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கும் மெத்தைகள் வீங்கிச் சரிவதுதான் மூலம். அதில் வரும் ரத்தம் பளிச்சென்று சிவப்பாக, மலம் கழிக்கும்போது சொட்டி, பெரும்பாலும் தானே நின்றுவிடும். சிரைப் புடைப்பு உடைந்தால் தானாக நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது. பின்னால் போர்ட்டல் அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும். உறைய வைக்கும் பொருள்களைப் பழுதான கல்லீரல் போதுமான அளவு செய்து தராது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது அந்த ரப்பர் வளையத்தை யோசித்துப் பார். மூலத்தில் போட்டால் அந்தச் சதை வதங்கி, ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்து, சின்னப் புண்ணாகி ஆறிவிடும். புடைத்த சிரையின் மேல் போட்டால், வளையம் உதிரும் அன்று அந்தப் புண்ணே சிரையின் வாயாகிவிடலாம். ஓட்டுநருக்கு நடந்தது அதுதான். மலக்குடல் சிரைப்புடைப்புக்கும் எண்டோஸ்கோப் வழியே வளையம் போடுவது உண்டு; ஆனால் அது இன்னதென்று தெரிந்து, பெரு ரத்தப்போக்கைச் சமாளிக்கும் வசதியோடு போடுவது.

பிரித்தறிய விரலே போதும், சில சமயம். மூலம் ஆசனவாயை ஒட்டியே இருக்கும். புரோக்டோஸ்கோப்பை மெல்ல வெளியே இழுத்தால் கூடவே பிதுங்கி இறங்கும். சிரைப்புடைப்பு நீலம் பாரித்து, வளைந்து வளைந்து, 4 செ.மீ.க்கும் மேலே ஏறிப்போகும். விரலால் அழுத்தினால் தட்டையாகும், எடுத்தால் மறுபடி நிரம்பும். ஆனால் ஒன்று: ரத்தம் ஓடி அழுத்தம் விழுந்த நோயாளியிடம் அது சுருங்கி, கண்ணுக்கே படாமல் போகலாம். கல்லீரல் சுருங்கியவருக்குச் சாதாரண மூலமும் வரும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அதனால் குடலைக் கழுவி எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வராதே.

அன்று இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு ரத்தம் ஏற்றினோம். ஹீமோகுளோபின் 7-8 வந்ததும் நிறுத்திக்கொண்டோம்; அதற்கு மேல் நிரப்பினால் போர்ட்டல் அழுத்தமும் கூடி, நின்றது மறுபடி பீறிடும். ஆக்ட்ரியோடைடு சொட்டுமருந்து, தொற்று வராமலிருக்க செஃப்ட்ரியாக்சோன். விடியற்காலையில் எண்டோஸ்கோப் வழியே புடைப்புக்குள் பசை மருந்தை ஏற்றியதும் ரத்தம் நின்றது. கல்லீரலுக்குள் குழாய் வைத்து ரத்தத்துக்கு வழி திறக்கும் டிப்ஸ் சிகிச்சைக்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். அதற்குள் மஞ்சள் கூடியது, சிறுநீர் குறைந்தது, பேச்சு குழறியது. இழந்த ரத்தத்தின் அடியை அந்தக் கல்லீரலால் தாங்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

வளையம் போட்ட இடத்தில் எழுதிய சீட்டை அவர் மனைவி என்னிடம் காட்டினார். ‘உள்மூலம், இரண்டாம் நிலை’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. குடிப்பாரா என்று கேட்டதாகவோ, வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாகவோ, தட்டணுக்களை எண்ணியதாகவோ அதில் ஒரு வரியும் இல்லை.

அன்புடன்,
மாமா