வெள்ளையடித்தால் அறை பெரிதாகுமா?

வீட்டு உள்ளலங்கார வேலைக்குப் போகிற இடமெல்லாம் நான் கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு: “ரூம் சின்னது சார், லைட் கலரே போட்டுடுங்க.” பாதி வீடுகளில் அது சரி. மீதிப் பாதியில் வெள்ளையடித்த பிறகு அறை சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். வீட்டுக்காரர் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார்.

வெளிர் நிறம் வெளிச்சத்தை உண்டாக்காது. வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். நல்ல வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்புகிறது. அது எதிர்ச்சுவரில் பட்டு மறுபடி 80 சதவீதம், அப்புறம் அதிலும் 80 சதவீதம் என்று சுற்றிக்கொண்டே இருப்பதால், எல்லாப் பரப்பும் அப்படி இருந்தால் உள்ளே வந்த ஒளி மொத்தத்தில் ஐந்து மடங்காகப் பயன்படுகிறது. 50 சதவீதம் திருப்பும் நிறமென்றால் இரண்டே மடங்கு. இப்படிச் சுற்றும் ஒளி மூலைகளின் நிழலைக் கரைத்துவிடும். சுவர் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கு அழுத்தமாகப் படாது, அதனால் சுவர் தள்ளி நிற்பதாகத் தோன்றுகிறது. உயரத்துக்கும் இது பொருந்தும். சீலிங் வெளிராக இருந்தால் உயரமாகத் தெரிகிறது, சுவர் வெளிராக இருந்தாலும் அப்படியே என்று ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

சென்னையில் ஓர் அடுக்ககம், இரண்டாம் மாடி. பத்துக்குப் பத்து படுக்கையறை, உயரமும் பத்தடி. சுவரெல்லாம் வெள்ளை, தரை தந்த நிற டைல்ஸ். ஒரு சுவர் முழுக்க, பரண் கதவுவரை, கரும்பழுப்பு அலமாரி. அறை நெருக்குகிறது என்றார்கள். தோராயமாகக் கணக்குப் போட்டேன். அலமாரி இல்லாவிட்டால் அறையின் சராசரி 75 சதவீதம், அதாவது நான்கு மடங்கு. நூறு சதுர அடி கரும்பழுப்பு வந்ததும் சராசரி 63க்கு இறங்குகிறது, மடங்கு 2.7. ஒரே அலமாரி, அறையில் சுற்றும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. வெள்ளைக்கு நடுவே கரும்பழுப்பு விளிம்பு பளிச்சென்று வெட்டுவதால் கண் அங்கேயே போய் நிற்கும், அது தனித் தொல்லை. சுவரைத் தொடவே இல்லை. அலமாரிக் கதவுகளுக்குச் சுவரின் நிறத்திலேயே மேட் லேமினேட் ஒட்டினோம். கதவு நிலைக்கும் அதே நிறம்.

அது போதவில்லை. ஜன்னல் திறப்பது ஓ.டி.எஸ். எனப்படும் காற்றுக்கூண்டுக்குள். நாலடி தள்ளி எதிர்க்கட்டடத்தின் பச்சைச் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கில்லாமல் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. இதுதான் என் சோதனை. இதில் தோற்ற அறைக்கு வெள்ளை மட்டும் உதவாது. வருகிற ஒளியே துளி என்றால் நான்கு மடங்கும் துளிதான். அந்தத் துளியும் எதிர்ச்சுவரில் பட்டு வருவதால் பச்சை ஏறி, உள்ளே வெள்ளைச் சுவர் நோய்வாய்ப்பட்ட நிறமாகத் தெரிகிறது. பக்கத்துக் கட்டடத்தின் சங்கத்தில் பேசி, அந்தச் சுவருக்கு வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடிக்கச் செய்தோம். செலவு எங்களுடையது. வரும் ஒளி கூடி, பச்சையும் விலகியது. அறைக்குள் எதைச் செய்திருந்தாலும் இந்த மாற்றம் வந்திருக்காது.

எதிர்ச்சுவர் உங்கள் கையில் இல்லையென்றால், அல்லது ஜன்னலே இல்லாத அறையென்றால், நான் வெளிர் நிறத்தை விட்டுவிடுவேன். மங்கல் ஒளியில் வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு மூலையின் நிழலும் அழுக்குப் போலத் தெரியும். அடர்ந்த நீலமோ செம்மண் நிறமோ அடித்தால் அந்த மூலைகள் நிறத்துக்குள்ளேயே மறைந்துவிடும். சீலிங்குக்கும் அதே நிறத்தைக் கொண்டுபோங்கள், நடுவில் வெள்ளைக் கோடு விழக்கூடாது. நடு உச்சியில் ஒற்றை டியூப் லைட் வேண்டாம். மஞ்சள் ஒளி எல்.இ.டி. விளக்குகள் இரண்டைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால், ஒளி படும் இடம் முன்னும் படாத இடம் பின்னுமாக அறைக்கு ஆழம் கிடைக்கும். அறை பெரிதாகாது, நெருக்காமல் இருக்கும்.

எந்த நிறமானாலும் ஷேடு கார்டின் தபால்தலை அளவுத் துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழு சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒட்டிப் பாருங்கள். ஜன்னலின் ஒளி நேராகப் படாததால் பெரும்பாலும் அறையிலேயே இருட்டான சுவர் அதுதான். காலையில் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை. அங்கே சாம்பலாகத் தெரிகிற நிறம், வாளி வாளியாக அடித்தாலும் சாம்பல்தான்.