மரத்துப்போன கை, கால்களுக்கு மாலை நேர வேலை

தொழுநோய் மருந்தால் குணமாகும். அதற்குள் செத்துப்போன நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மரத்த காலோடு நாள் முழுக்கத் திராட்சைத் தோட்டத்தில் நின்றவருக்கு, முள் ஏறியதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

வீடு திரும்பியதும் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். சிவந்திருக்கிறதா, மற்ற இடத்தைவிடச் சுடுகிறதா? உங்கள் கையும் மரத்திருந்தால் வீட்டார் தொட்டுச் சொல்லட்டும். சுட்டால் அங்கே அழுத்தம் மிகுதி. நடையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அது புண்ணாகும்.

புண் இல்லையென்றால் கை, கால்களைப் பச்சைத்தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். வெந்நீர் கூடவே கூடாது, சுடுவது தெரியாது. காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேயுங்கள், பிளேடு வேண்டாம். ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாஸ்லைனோ தடவினால் வெடிப்பு வராது. விரலிடுக்கை மட்டும் துடைத்துவிடுங்கள்.

உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு அரசுத் திட்டத்தில் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். போடும்முன் உதறுங்கள். ஆணி அடித்த செருப்பு ஆகாது.

கை மரத்திருந்தால் டீ கிளாஸைத் துணி சுற்றிப் பிடியுங்கள். புண் வந்தால் சோப்பால் கழுவி, சுத்தமான துணி கட்டி, கால் ஊன்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கவில்லையே என்று நடப்பதுதான் விரலைப் பறிக்கிறது.