விலை கேட்பவரை ஆர்டர் வரை அழைத்துவர...

வீட்டிலிருந்து இட்லிப் பொடி விற்பவர்கள், வாட்ஸ்அப் பிசினஸில் மூன்று ‘குவிக் ரிப்ளை’களைச் சேமித்து வைக்கலாம். சாட்டில் / தட்டினால் அவை வரும்.

● /vilai: “கால் கிலோ 120 ரூபாய், அரை கிலோ 230 ரூபாய், கூரியர் தனி. எது வேண்டும்? உங்கள் பின்கோடு?” விலையோடு நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும். கேள்வியில் முடியுங்கள்.

● /mottam: “பொடி __, கூரியர் __, மொத்தம் __ ரூபாய். முகவரி, போன் நம்பர் அனுப்புங்கள்.” தொகையை நிரப்பிவிட்டு, ஜிபே எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.

● /urudhi: “பணம் வந்தது. நாளை பார்சல் கிளம்பும்.” ஸ்கிரீன்ஷாட்டை நம்பி இதை அனுப்பாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பொடியின் விலை மாறும் அன்றே /vilai பதிலையும் திருத்திவிடுங்கள்.