மாத நடுவில் இணைப்பு நின்றுபோகாமல் இருக்க

உப்பு லோடுக்கு வரியும் இல்லை, ஈ-வே பில்லும் இல்லை. ஆனால் தூத்துக்குடியிலிருந்து சர்க்கரை, எண்ணெய், முந்திரிப்பருப்பு ஏற்றினால், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்கிற்கு ஈ-வே பில் வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு ஈ-இன்வாய்சும் எடுக்கிறோம்.

பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்தே இவற்றை எடுத்துத் தரும் கம்பெனிகள், மாதத்துக்கு இத்தனை தடவை என்று கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கணக்கு தீர்ந்தால் இணைப்பு நின்றுவிடும். ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும்.

நம் கடையில் மாதம் 1,000 தடவைக்குப் பணம் கட்டியிருந்தோம். ஒரு நாளைக்கு 12 பில். ஒவ்வொன்றுக்கும் வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்க்க ஒரு தடவை, ஈ-இன்வாய்சுக்கு ஒரு தடவை. அவற்றில் 4 பில்லுக்கு ஈ-வே பில். மொத்தம் 28. வேலை நாள் 25 என்றால் 700 தான் ஆகும். தாராளம் என்று இருந்தோம்.

மீதி எவ்வளவு என்று தினமும் கடை சாத்தும்போது நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. 10-ஆம் வேலை நாள் முடிவில் 400-க்குள் இருக்க வேண்டியது 520 ஆகியிருந்தது. நாளுக்கு 52. மீதி 480-ஐ 52-ஆல் வகுத்தால் 9 நாள்தான் வரும். 20-ஆம் வேலை நாளில் இணைப்பு நின்றிருக்கும்.

அதிகப்படியான 24 எங்கே போயிற்று? கம்பெனியிடம் தினசரி விவரம் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஒரே ஜி.எஸ்.டி. எண் திரும்பத் திரும்ப வந்தது. பில்லைத் திறக்கும்போது, திருத்தும்போது, அச்சிடும்போது என்று ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று தடவை சரிபார்ப்பு போயிருக்கிறது. இப்போது பழைய வாடிக்கையாளரின் விவரம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பதிவு ரத்தாகியிருக்கலாம் என்பதால் மாதம் ஒரு முறை மட்டும் சரிபார்க்கிறோம். அன்றாடச் செலவு 16 ஆயிற்று.

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மாதம் என்பது 1-ஆம் தேதி தொடங்குகிறதா, பணம் கட்டிய நாளிலிருந்தா? தோல்வியடைந்த முயற்சியும் கணக்கில் சேருமா? மீதி அடுத்த மாதத்துக்கு வருமா?

800 தொட்டதும் மிச்சத்தை ஈ-இன்வாய்சுக்கும் ஈ-வே பில்லுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணை gst.gov.in தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அப்படியும் தீர்ந்துவிட்டால் ewaybillgst.gov.in தளத்தில் நேரடியாக, கட்டணமின்றி ஈ-வே பில் எடுக்கலாம். ஈ-இன்வாய்சுக்கும் அரசுத் தளம் உண்டு. உள்ளே நுழைய ஓ.டி.பி. கேட்கும். ஆகவே பதிவு செய்த செல்போன் கடையிலேயே இருக்கட்டும்; கடவுச்சொல் கணக்கப்பிள்ளை ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்க வேண்டாம்.