அப்பாவின் குறட்டைக்கு ஒரு குறிப்பேடு

மாணவர்களே, இரண்டு தாள்களை ஒரு விரல் இடைவெளியில் உங்கள் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டு, அவற்றின் நடுவே ஊதிப் பாருங்கள். தாள்கள் விலகும் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அவை ஒன்றையொன்று நெருங்கிப் படபடக்கும். நடுவே விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம், வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுவதே இதற்குக் காரணம்.

குறட்டையும் ஏறக்குறைய இப்படித்தான் உண்டாகிறது. நம் வாயின் மேற்கூரையின் பின்பகுதியில் எலும்பு இல்லை. அது மென்மையான சதை. அதன் நுனியில் உள்நாக்கு தொங்குகிறது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வதால் காற்று செல்லும் வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாய்கிறது. அழுத்தம் குறைந்து, மென்சதை உள்ளிழுக்கப்பட்டு அதிர்கிறது. அந்த அதிர்வின் ஒலியே குறட்டை.

அப்படியானால் வழியை இன்னும் குறுக்குவது எது? அதைக் கண்டுபிடித்தால் குறட்டையைக் குறைக்கலாம். அதற்கு ஒரு குறிப்பேடு போதும். ஒரு வீட்டில் 45 வயது அப்பா குறட்டை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் படுத்து ஒரு மணி நேரம் கழித்து, 14 இரவுகள் அம்மா மூன்று விவரங்களைக் குறிக்கிறார்: எப்படிப் படுத்திருந்தார், மூக்கு அடைத்திருந்ததா, அன்று மது அருந்தினாரா.

குறிப்பேடு இப்படிக் காட்டுகிறது: மல்லாந்து படுத்திருந்த 8 இரவுகளில் 7 முறை குறட்டை. பக்கவாட்டில் படுத்திருந்த 6 இரவுகளில் ஒரே ஒரு முறை. அன்று சளியால் மூக்கு அடைத்திருந்தது. மிகப் பெரிய சத்தம் கேட்டது ஒரு கல்யாண விருந்தில் பீர் குடித்து வந்த இரவில்.

இதன் பொருள் என்ன? மல்லாந்து படுத்தால் புவியீர்ப்பு நாக்கையும் மென்சதையையும் தொண்டையை நோக்கிப் பின்னால் இழுக்கிறது. மூக்கு அடைத்தால் காற்றை இன்னும் வலுவாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது, வாயும் திறந்துகொள்கிறது. மது, ஏற்கெனவே தளர்ந்த தசைகளை மேலும் தளர்த்துகிறது. எடை கூடும்போது கழுத்திலும் நாக்கின் அடியிலும் கொழுப்பு சேர்ந்து வழியை நெருக்குகிறது. ஆனால் ஒல்லியானவர்களும் குறட்டை விடுவார்கள் என்பதால் எல்லாப் பழியையும் எடைமேல் போட முடியாது.

இந்த அப்பாவின் விஷயத்தில் முதலில் மாற்ற வேண்டியது படுக்கும் நிலையே. முதுகுப் பக்கம் ஒரு நீளத் தலையணையை வைத்துக்கொள்ளலாம். அல்லது டீ-சட்டையின் பின்புறம் ஒரு பையைத் தைத்து டென்னிஸ் பந்து ஒன்றைப் போடலாம். மல்லாந்தால் பந்து உறுத்தும். தூக்கத்திலேயே திரும்பிப் படுப்பார். இதை ஒரு வாரம் செய்து மீண்டும் குறிக்க வேண்டும். அடுத்து, உறங்குவதற்கு முந்தைய 3, 4 மணி நேரத்தில் மது கூடாது என்று வைத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், பலன் எதனால் கிடைத்தது என்று தெரியாமல் போகும். எடைக் குறைப்புக்கு மாதங்கள் ஆகும். அதைத் தனியாகத் தொடரலாம்.

மூக்கடைப்புக்கு, மருந்தகத்தில் விற்கும் உப்புநீரால் மூக்கைக் கழுவலாம். கொதிக்க வைக்காத குழாய் நீரைப் பயன்படுத்தக்கூடாது. அடைப்பை உடனே திறக்கும் சில வகை ஸ்பிரேக்களைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து அடித்தால், நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். தூசியால் அடிக்கடி தும்முபவர்கள் தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒரு முறை சுடுநீரில் துவைப்பது நல்லது.

மேலே சொன்னவையெல்லாம் சாதாரணக் குறட்டைக்குத்தான். குறட்டை திடீரென நின்று, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் அது வேறு. தூக்கத்தில் மூச்சு நிற்கும் அந்த நோயைப் பந்தும் தலையணையும் மட்டும் கொண்டு சமாளிக்க முயலக்கூடாது. போதிய நேரம் உறங்கியும் பகலில் கண் சொக்குவது, காலையில் தலைவலியோடு எழுவது ஆகியவையும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். உங்கள் தம்பியோ தங்கையோ பெரும்பாலான இரவுகளில் குறட்டை விட்டாலும் காத்திருக்க வேண்டாம். சிறுவர்களுக்கு டான்சில் வீக்கம் காரணமாக இருப்பதுண்டு. இத்தகையவர்களைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். குறிப்பேட்டையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். உறங்குபவருக்குத் தன் குறட்டை கேட்பதில்லை. மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தப் பக்கங்களே பதில் சொல்லும்.