பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும்: கதவு, யன்னல் இடைவெளிகளைக் கழித்தல்

மாணவர்களே, சுவரொன்றின் பரப்பளவைக் காணும்போது கதவு, யன்னல்களின் பரப்பளவை முழுவதும் கழித்துவிடுவது உங்கள் வழக்கம். ஆனால் மேசனுக்குரிய பூச்சுக் கூலியை அவ்வாறு கணக்கிட்டால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். வாசலில் சுவர் இல்லாவிட்டாலும், சுவரின் தடிப்புத் தெரியும் இரு பக்கங்களையும் மேற்பக்கத்தையும் அவர் பூசவே வேண்டும். அந்த மூலைகளை நேராக எடுப்பது வெறுஞ்சுவரைப் பூசுவதிலும் மினக்கெட்ட வேலை.

இதை ஈடுசெய்வதற்கு அளவீட்டு விதிகள் உண்டு. இலங்கையில் கட்டட வேலைகளை அளப்பதற்கான நியமம் எஸ்.எல்.எஸ். 573 ஆகும். இங்கு, படிநிலைகள் தெளிவாக உள்ளமையால், இந்திய நியமமான ஐ.எஸ். 1200, பகுதி 12 இன் விதியை எடுத்துக்கொள்வோம். இரு முகமும் ஒரேவகையாகப் பூசப்படும் சுவருக்கு அது கூறுவது:

இடைவெளி 0.5 சதுர மீற்றர் வரை எனின் எதையும் கழிப்பதில்லை. 0.5 இற்கு மேல் 3 சதுர மீற்றர் வரை எனின் ஒரு முகத்தில் மாத்திரம் கழிக்க வேண்டும். தடிப்புப் பக்கங்களைக் கூட்டக்கூடாது. 3 சதுர மீற்றரிலும் கூடினால் இரு முகத்திலும் கழித்து, தடிப்புப் பக்கங்களைக் கூட்ட வேண்டும்.

உதாரணம்: 5 மீ நீளமும் 3 மீ உயரமும் 0.15 மீ தடிப்பும் கொண்ட சீமெந்துக்கல் சுவரில் 0.6 மீ × 0.6 மீ காற்றுத்துவாரம், 0.9 மீ × 2.1 மீ கதவு, 2 மீ × 2.1 மீ நிலையில்லாத வாசல் ஆகியன உள்ளன. இரு முகமும் பூசப்படுகின்றன.

மொத்தப் பரப்பளவு: 2 × 5 × 3 = 30 ச.மீ.
துவாரம் 0.36 ச.மீ: கழிப்பதில்லை.
கதவு 1.89 ச.மீ: ஒரு முறை கழிக்க.
வாசல் 4.2 ச.மீ: இரு முகத்துக்கும் 8.4 கழிக்க.
வாசலின் தடிப்பு: (2.1 + 2.1 + 2) × 0.15 = 0.93 கூட்டுக.
விடை: 30 − 1.89 − 8.4 + 0.93 = 20.64 ச.மீ.

எல்லாவற்றையும் இரு முகத்திலும் கழித்திருந்தால் 17.1 ச.மீ மட்டுமே வந்திருக்கும். 3.54 ச.மீ கூலி மேசனுக்கு நட்டம். எதையும் கழிக்காமல் 30 ச.மீ எனப் பில் எழுதினால் நட்டம் வீட்டுக்காரருக்கு. ஆகவே எந்த விதி என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்வதே நல்லது. ஒப்பந்தத்தில் வேறு விதி இருப்பின் அதன்படியே அளக்க வேண்டும்.

சுவர் டைல்ஸ் வினாக்களில் பலர் வேறோரிடத்தில் பிழைவிடுகின்றனர். குளியலறைச் சுவரில் 1.5 மீ உயரத்துக்கே டைல்ஸ் பதிப்பதாகக் கொள்வோம். கதவின் உயரம் 2.1 மீ எனினும் டைல்ஸ் இல்லாத மேற்பகுதியைக் கழிக்கலாமா? கழிக்கக்கூடாது. 0.75 மீ அகலக் கதவுக்கு 0.75 × 1.5 = 1.125 ச.மீ மட்டுமே கழியும். யன்னலின் அடி நிலத்திலிருந்து 1.2 மீ உயரத்தில் இருந்தால், டைல்ஸ் பகுதிக்குள் வரும் 0.3 மீ உயரத்தை மட்டும் கணக்கில் எடுக்க. வெட்டும்போது உடைந்து வீணாகும் டைல்ஸ் கடைக் கணக்கில் வரும். பதித்த பரப்பளவில் வராது.

பயிற்சி: 4 மீ × 3 மீ சுவரின் இரு முகமும் பூசப்படுகின்றன. 1.2 மீ × 1.2 மீ யன்னல் ஒன்று உண்டு. மேற்கூறிய விதிப்படி பூச்சுப் பரப்பளவு யாது? (விடை: 22.56 ச.மீ)